கடல் கடந்த நஷ்டம்

பிரிட்டனில் ஒரு குழுமத்தின் கம்பெனி ஒன்று 100 லட்சம் பவுண்டு லாபம் ஈட்டுகிறது. அதே ஆண்டில் இன்னொன்று 60 லட்சம் இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாகப் பார்த்தால், 25 சதவீத விகிதத்தில் முதல் கம்பெனி 25 லட்சம் வரி கட்ட வேண்டும். குழுமத்துக்கு மிஞ்சியதோ 40 லட்சம்தான். அதனால் தாய் நிறுவனத்திடம் இரண்டிலும் குறைந்தது 75 சதவீதப் பங்கு இருந்தால், ஒன்றின் நஷ்டத்தை மற்றதற்கு விட்டுக்கொடுக்கலாம். வரி 10 லட்சமாகும். கொடுத்த நஷ்டத்தை மறுபடி பயன்படுத்த முடியாது.

நஷ்டம் வெளிநாட்டில் ஏற்பட்டால்? மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் இதைத்தான் கேட்டது. பெல்ஜியம், ஜெர்மனி, பிரான்சில் பட்ட நஷ்டத்தைத் தன் பிரிட்டன் லாபத்தில் கழிக்க முயன்றது, வரித்துறை மறுத்தது. 2005 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் நடுவழி ஒன்றைச் சொன்னது. ஒரே நஷ்டத்தை இரண்டு நாடுகளில் கழித்துவிடும் ஆபத்து இருப்பதால், பொதுவாக மறுக்கலாம். ஆனால் அந்த நாட்டிலேயே அதைப் பயன்படுத்த எல்லா வழியும் அடைபட்டிருந்தால் மறுக்கக் கூடாது. அதை நிரூபிப்பது கம்பெனியின் பாடு, லேசான வேலையல்ல. பிரெஞ்சு நிறுவனம் வேறொருவருக்கு விற்கப்பட்டிருந்தது. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போனவை ஜெர்மனி, பெல்ஜியம் நஷ்டங்கள்தான்.