ஃப்ளஷ் ஊற்றும் முன் சம்பைக் கழற்றிப் பாருங்கள்

ஆயில் மாற்ற வண்டியை விட்டால், பில்லில் சில நூறு ரூபாய்க்கு ஒரு வரி கூடியிருக்கும்: இன்ஜின் ஃப்ளஷ். "உள்ளே கசடு சேர்ந்திருக்கு சார், இதைப் போட்டு ஓட்டி இறக்கினா கிளீன் ஆயிடும்" என்பார்கள். பல வருடம் ஆயில் மாற்றாத வண்டிக்காரர் குற்ற உணர்ச்சியில் உடனே சரி என்று சொல்லிவிடுவார். கசடு அதிகம் உள்ள இன்ஜினுக்குத்தான் இது தேவை என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் இந்த டப்பாவால் கேடு வருவதும் அப்படிப்பட்ட இன்ஜினுக்குத்தான்.

கடையில் கிடைக்கும் ஃப்ளஷ் பெரும்பாலும் 300 முதல் 500 மில்லி வரை இருக்கும். மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த ஒரு மெல்லிய கரைப்பான், கூடவே அழுக்கு நீக்கும் ரசாயனங்கள், இவைதான் உள்ளே. இன்ஜின் சூடான பிறகு பழைய ஆயிலோடு சேர்த்து ஊற்றி, வண்டியை நகர்த்தாமல், ஆக்சிலரேட்டரைத் தொடாமல், ஐட்லிங்கில் பத்துப் பதினைந்து நிமிடம் விட வேண்டும். பிறகு எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஃபில்டரை மாற்றிப் புது ஆயில் ஊற்ற வேண்டும். ரேஸ் பண்ணக் கூடாது, ஓட்டக் கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. கரைப்பான் கலந்ததும் ஆயில் நீர்த்துப்போய், பேரிங்குகளுக்கு நடுவே நிற்கும் எண்ணெய்ப் படலம் மெலிந்துவிடுகிறது. பாரம் ஏற்றாமல் சும்மா சுற்றும் இன்ஜின் மட்டும்தான் அதைத் தாங்கும்.

அழுக்கு நீக்கும் பொருள் நல்ல இன்ஜின் ஆயிலிலேயே இருக்கிறது. புகையிலிருந்து வரும் கரியையும் அமிலத்தையும் அது சிறு துகளாகவே மிதக்க வைத்து வெளியே கொண்டுவந்துவிடும். மாற்றாமல் விட்டால் அந்தச் சக்தி தீர்ந்துபோகிறது. அதற்கப்புறம் கரியும் எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலோடு சேர்ந்து கெட்டிப்பட்டு, டேப்பெட் கவருக்கு உள்பக்கமும் சம்பின் அடியிலும் கறுப்புக் கூழாகப் படிகின்றன.

இங்கே ஆயில் போகும் வழியைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். சம்பின் அடியில் ஒரு குழாய் மூழ்கி நிற்கிறது. அதன் வாயில் கம்பி வலை போட்ட ஸ்ட்ரெய்னர். பம்ப் அதன் வழியாக ஆயிலை உறிஞ்சி ஃபில்டருக்குத் தள்ளுகிறது. அங்கிருந்து சிறு துவாரங்கள் வழியாகக் கிராங்க் பேரிங், கேம்ஷாஃப்ட், டர்போ இருந்தால் டர்போ என்று பிரிகிறது. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் அதற்குள் இருக்கும் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலாவது போகட்டும் என்று விட்டுவிடும். ஸ்ட்ரெய்னருக்கு அப்படி எந்த மாற்று வழியும் கிடையாது. அந்தச் சின்ன வலை மூடிக்கொண்டால் இன்ஜின் முழுவதற்கும் ஆயில் நின்றுபோகும்.

பத்து நிமிடத்தில் எல்லாக் கசடும் கரைந்து ஆயிலோடு வெளியே வந்துவிடும் என்றால் கவலை இல்லை. குழம்புச் சட்டியில் அடிப்பிடித்த பத்து ஊறவைத்தால் கரைவதில்லை, தகடு தகடாகப் பெயர்ந்து வரும். தடித்த கசடும் அப்படித்தான் பெயர்கிறது. பெயர்ந்த துண்டுகள் ஆயிலோடு கீழே இறங்கி, சம்பில் பம்ப் உறிஞ்சும் இடத்துக்கு நேராகப் போய்ச் சேர்கின்றன. ட்ரெயின் போல்ட்டைக் கழற்றும்போது சில துண்டுகள் வெளியே வரலாம். மற்றவை வலையில் ஒட்டிக்கொள்ளும். புது ஆயில் ஊற்றி வண்டியை எடுத்த சில நாளில், நெடுஞ்சாலையில், பம்ப் வேகமாக உறிஞ்சும் நேரத்தில்தான் சிக்கல் வெளியே தெரியும். அப்போது கசடைப் பற்றியோ ஃப்ளஷ்ஷைப் பற்றியோ யாருக்கும் நினைவிருக்காது.

டேஷ்போர்டில் விளக்கு எரியுமே என்று நம்பியிருக்க முடியாது. ஓடும் இன்ஜினில் ஆயில் அழுத்தம் சாதாரணமாக 3 பார் அளவில் இருக்கும். பெரும்பாலான கார்களில் அது அரை பார் அளவுக்கு விழுந்த பிறகுதான் அந்தச் சிவப்பு விளக்கு எரியும். அதற்குள் பேரிங் தேய ஆரம்பித்திருக்கும்.

இதை அனுபவத்தில் கற்றவர்கள் ஸ்வீடனின் சாப் 9-5 கார் வைத்திருந்தவர்கள். அதன் நாலு சிலிண்டர் டர்போ இன்ஜினில், 2003 வரையிலான மாடல்களில், சம்பில் கசடு கட்டி ஸ்ட்ரெய்னர் அடைபடுவது பெரிய தொல்லையாக இருந்தது. பழைய 9-5 வாங்கப் போகிறவர்கள், சம்பைக் கழற்றி ஸ்ட்ரெய்னரைச் சுத்தம் செய்தாயிற்றா என்று முதலில் விசாரிப்பது வழக்கமாயிற்று. ஜெனரல் மோட்டார்ஸ் தன் வண்டிகளின் உரிமையாளர் கையேட்டில், இன்ஜின் ஆயில் ஃப்ளஷ் பரிந்துரைக்கப்படவில்லை, அதனால் சேதம் வந்தால் வாரண்டி கிடைக்காது என்றே எழுதியிருக்கிறது.

கோவையில் எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியையின் சின்ன பெட்ரோல் கார் இந்த விஷயத்துக்கு நல்ல உதாரணம். மூன்று சிலிண்டர், மூன்று லிட்டருக்கும் குறைவாகத்தான் ஆயில் பிடிக்கும். வீட்டிலிருந்து பள்ளிக்கு இரண்டு கிலோமீட்டர், மறுபடி வீட்டுக்கு இரண்டு. பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்ற வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அவர் கிலோமீட்டரை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டார். மூன்று வருடத்தில் ஒன்பதாயிரம்தான் ஓடியிருந்ததால், இன்னும் நேரம் வரவில்லை என்று நினைத்தார். அவ்வளவு குறைந்த தூரத்தில் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போக வாய்ப்பு கிடைப்பதில்லை. அவரைப் போல நிதானமாகக் கொஞ்ச தூரமே ஓட்டுகிறவர்களின் இன்ஜினில்தான் கசடு அதிகம் சேர்கிறது.

டிப் ஸ்டிக்கில் அளவு சரியாக இருந்தது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், அதன் அடியில் வெளிறிய மஞ்சள் நிறத்தில் ஒரு பசை. ஈரமும் ஆயிலும் கலந்தது அது. ஹெட் கேஸ்கெட் போயிருந்தாலும் இதே மாதிரி வரும் என்பதால், கூலன்ட் குறைகிறதா என்று முதலில் பார்த்தார்கள். குறையவில்லை. மூடி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தபோது கேமின் பக்கச் சுவரில் உலோகமே தெரியவில்லை, கறுப்பாக மொத்தையாக அப்பியிருந்தது. ஃப்ளஷ் ஊற்றலாமா என்று கேட்டார் அந்த அம்மா. மெக்கானிக் தலையை ஆட்டினார். "வேண்டாமுங்க மேடம். இருக்கிற இடத்துல இருக்கிற வரைக்கும் அது சும்மா இருக்கும். கலக்கி விட்டோம்னா வலையில போயி உட்கார்ந்துக்கும். சம்பை எறக்கிப் பாத்துரலாமுங்க."

சம்பை இறக்குவது பெரிய வேலை இல்லை, ஆனால் நேரம் பிடிக்கும். பல கார்களில் கேஸ்கெட்டுக்குப் பதில் சிலிக்கான் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். போல்ட்டுகளை எடுத்த பிறகும் அதைத் தகடு நெளியாமல் பெயர்க்க வேண்டும். இறக்கியபோது அடியில் ஏறக்குறைய அரை அங்குலத்துக்குக் கறுப்புக் கூழ். ஸ்ட்ரெய்னரைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். வலையில் பாதிக்கு மேல் கண்ணே தெரியவில்லை. நகத்தால் சுரண்டினால் ஓரத்தில் பிசுபிசுவென்று வந்தது, நடுவில் கெட்டியாகிச் சில்லுச் சில்லாக உதிர்ந்தது. அந்த இன்ஜினில் ஃப்ளஷ் ஊற்றியிருந்தால் மீதிப் பாதியும் மூடியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஸ்ட்ரெய்னரையும் சம்பையும் வெளியே வைத்து டீசலில் கழுவி, காற்று அடித்து, சொட்டுக்கூட இல்லாமல் காய வைத்தார்கள். டேப்பெட் கவரைக் கழற்றி அதன் உள்பக்கத்தையும் கழுவினார்கள். இன்ஜினிலேயே இருக்கும் கசடை மட்டும், கைக்கு எட்டிய வரை வழித்து எடுத்தார்கள். சுரண்டவில்லை. சுரண்டினால் சில்லு உள்ளே விழும். துடைக்க பனியன் வேஸ்ட் எடுத்த பையனைத் தடுத்து, நூல் உதிராத துணியைக் கொடுத்தார் மெக்கானிக். பனியன் வேஸ்ட்டின் நூல்கூடப் போய் வலையில் சிக்கும், இது பலர் கவனிக்காத விஷயம். புதுச் சிலிக்கான் போட்டு, அது இறுக ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் புது ஃபில்டரும், புத்தகத்தில் சொன்ன கிரேடில் ஆயிலும் போட்டார்கள். லேபர் இரண்டாயிரத்துச் சொச்சம் ஆனது.

எட்டாத இடங்களில் மிச்சம் இருந்த கசடைப் புது ஆயிலே மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு வரும். அதற்காகத்தான் அடுத்த ஆயிலை ஆயிரம் கிலோமீட்டரிலும், அதற்கடுத்ததை இன்னும் மூவாயிரத்திலும் மாற்றச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் ஃபில்டரும் புதிது. கழற்றிய ஃபில்டரைக் கட்டர் வைத்து அறுத்து, உள்ளே இருக்கும் காகித மடிப்பை விரித்துப் பார்த்தார்கள். ஆக்சா பிளேடு போட்டால் இரும்புத் தூள் உள்ளே விழுந்து குழப்பிவிடும். விரலில் தேய்த்தால் கறுப்பாக இழுவினால் அது கசடு. வெயிலில் மினுமினுத்தால் பேரிங் உலோகம், அது வேறு மருத்துவம். முதல் ஃபில்டரில் கறுப்பு நிறைய இருந்தது, இரண்டாவதில் பாதிகூட இல்லை. மினுமினுப்பு எதிலும் இல்லை.

அப்படியானால் ஃப்ளஷ் யாருக்கு? ஆயில் இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போய், மூடி வழியாகப் பார்த்தால் உலோகம் தேன் நிறத்தில் தெரிகிற இன்ஜினுக்கு, டப்பாவில் சொன்ன நிமிடத்துக்கு மேல் விடாமல் போட்டால் கெடுதல் வராது. நன்மையும் அதிகம் வராது, நல்ல ஆயிலே அந்தப் படலத்தைக் கவனித்துக்கொள்ளும். அந்தப் பணத்தில் ஃபில்டரை இன்னொரு முறை மாற்றுவதையே நான் தேர்ந்தெடுப்பேன். பழைய பட்டறை வழக்கமாக டீசலையோ மண்ணெண்ணெயையோ ஊற்றி ஓட்டுவதை மட்டும் எந்த இன்ஜினுக்கும் அனுமதிக்காதீர்கள். பேரிங்கைக் காக்கும் வழவழப்பு அவற்றுக்குக் கிடையாது. போல்ட்டைத் திறந்து வடிய விட்டாலும் இன்ஜினின் மூலை முடுக்கில் சில நூறு மில்லி நின்றுவிடும். மூன்று லிட்டர் மட்டுமே பிடிக்கும் சின்ன காரில் அது புது ஆயிலைக் கணிசமாக நீர்த்துப்போகச் செய்யும்.

ஏற்கனவே ஃப்ளஷ் போட்டுவிட்டவர்கள், அடுத்த சில வாரம் இன்ஜின் நன்றாகச் சூடேறி சிக்னலில் நிற்கும்போது கவனியுங்கள். சிவப்பு ஆயில் விளக்கு லேசாகக் கண் சிமிட்டினாலோ, மேலிருந்து டிக் டிக் என்று முன்பு இல்லாத சத்தம் வந்தாலோ, ஓரம் கட்டி உடனே இன்ஜினை நிறுத்திவிடுங்கள். பக்கத்தில்தானே பட்டறை என்று ஓட்டிப் போகாதீர்கள், கட்டி இழுத்தோ ஏற்றியோ கொண்டுபோங்கள். அங்கே சென்ஸரை மாற்றுவதற்கு முன், அந்த ஓட்டையில் ஒரு பிரஷர் கேஜை மாட்டி அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். கேஜிலும் குறைவாகக் காட்டினால் அடுத்தது சம்பை இறக்குவதுதான்.