மெழுகுவர்த்திக்குள் எத்தனை கிலோஜூல்?

மளிகைக் கடையில் வாங்கும் மெழுகுவர்த்திப் பாக்கெட்டில் விலை இருக்கும், எடை இருக்கும். அது என்ன மெழுகு என்று பெரும்பாலும் இருக்காது. பெட்ரோலியத்திலிருந்து வரும் பாரஃபின் மெழுகா, கொழுப்பிலிருந்து எடுக்கும் ஸ்டியரிக் அமிலமா, இரண்டும் கலந்ததா? கண்ணுக்கு எல்லாம் வெள்ளைதான். ஆனால் எரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு கிராம் பாரஃபின் எரிந்தால் சுமார் 46.8 கிலோஜூல் வெப்பம் வரும். ஸ்டியரிக் அமிலத்தின் மூலக்கூறிலேயே கொஞ்சம் ஆக்சிஜன் இருக்கிறது. அதாவது அது ஏற்கனவே ஓரளவு எரிந்த சரக்கு. அதனால் கிராமுக்கு 39.6 கிலோஜூல்தான் தரும்.

இந்த வெப்பத்தை அளக்கும் கருவிக்கு பாம் கலோரிமீட்டர் என்று பெயர். 1881-இல் பிரான்சில் பெர்த்தலோ உருவாக்கிய முறை இது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பாம் என்பது உள்ளங்கை அகலமுள்ள, தடித்த சுவர் கொண்ட ஒரு எஃகுச் சிமிழ். அதற்குள் சின்னக் கிண்ணம், கிண்ணத்தில் மாதிரி, மாதிரியைத் தொட்டபடி மெல்லிய நிக்ரோம் கம்பி. மூடியைத் திருகி 30 வளிமண்டல அழுத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றி, சிமிழை ஒரு வாளித் தண்ணீரில் முழுக்கி வைப்போம். கம்பியில் மின்சாரம் பாய்ந்ததும் உள்ளே உள்ளது சில நொடிகளில் எரிந்து தீரும். வாளித் தண்ணீர் இரண்டு, மூன்று டிகிரி சூடாகும். நாம் பார்ப்பது அந்த டிகிரியை மட்டும்தான்.

சிக்கலும் அங்கேதான். தண்ணீர் இரண்டரை டிகிரி ஏறியது என்றால் எத்தனை கிலோஜூல் வந்தது? வாளியில் 2,000 கிராம் தண்ணீர். அதை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 8.4 கிலோஜூல் வேண்டும், இது கணக்கில் வரும். ஆனால் சூடாவது தண்ணீர் மட்டுமா? எஃகுச் சிமிழ், வாளி, கலக்கி எல்லாமே கூடச் சூடாகின்றன. கலக்கியின் தண்டில் பாதி தண்ணீருக்குள், பாதி வெளியே. வெளியே இருக்கும் பாதி எவ்வளவு சூடாகிறது என்று யார் சொல்வது? ஒவ்வொரு பாகத்தையும் நிறுத்துக் கூட்டினால் விடை ஒரு நாளும் சரியாக வராது. ஆகவே கூட்ட வேண்டாம் என்று விட்டுவிட்டு, வேறு வழி பிடித்தார்கள். தராசைச் சரிபார்க்க எடை தெரிந்த படிக்கல்லை வைப்பதுபோல, எவ்வளவு வெப்பம் தரும் என்று முன்பே உறுதியாகத் தெரிந்த ஒரு பொருளை அதே சிமிழில் எரிப்பது.

அந்தப் படிக்கல் பென்சாயிக் அமிலம். காற்றின் ஈரத்தை உறிஞ்சாது, அறை வெப்பத்தில் ஆவியாகித் தொலையாது, மிகத் தூய்மையாகக் கிடைக்கும், மாத்திரையாக அழுத்த வரும், கரி மிச்சமில்லாமல் எரியும். சான்றிதழோடு வரும் புட்டியில் கிராமுக்கு 26.434 கிலோஜூல் என்று போட்டிருக்கும்.

என் நோட்டில் உள்ள ஒரு நாள் கணக்கையே சொல்கிறேன். மாத்திரையின் எடை 1.0024 கிராம். 26.434-ஆல் பெருக்கினால் 26.497 கிலோஜூல். எரிந்த கம்பியும் வெப்பம் தரும், ஒரு சென்டிமீட்டருக்கு சுமார் 9.6 ஜூல். எரியாமல் மிஞ்சிய துண்டை அளந்து கழித்தால் 8 சென்டிமீட்டர் எரிந்திருந்தது, அது 0.077. சிமிழுக்குள் மாட்டிக்கொண்ட காற்றின் நைட்ரஜன் அந்தச் சூட்டில் கொஞ்சம் நைட்ரிக் அமிலமாகிவிடும். சிமிழைக் கழுவிய நீரை டைட்ரேட் செய்து பார்த்ததில் அதன் பங்கு 0.040. மொத்தம் 26.614 கிலோஜூல்.

இனி வெப்பநிலை. பொத்தானை அழுத்தும்போது 25.104 டிகிரி, எட்டு நிமிடம் கழித்து ஏற்றம் அடங்கியபோது 27.723. வித்தியாசம் 2.619. ஆனால் இதை அப்படியே எடுக்கக் கூடாது. கலக்கியின் உரசலாலும், சுற்றியுள்ள உறையின் சூட்டாலும், எரிப்பதற்கு முன்பே தண்ணீர் நிமிடத்துக்கு 0.002 டிகிரி தானாக ஏறிக்கொண்டிருந்தது. எரிந்த பிறகோ உறையைவிடச் சூடாகி, நிமிடத்துக்கு 0.001 வீதம் இறங்கியது. மொத்த ஏற்றத்தில் 60 சதவீதம் வந்து சேரும் நேரத்தை எல்லையாக வைத்து, அதற்கு முந்தைய நேரத்துக்கு முதல் வேகத்தையும் பிந்தைய நேரத்துக்கு இரண்டாம் வேகத்தையும் கணக்கிடுவது வழக்கம். அன்று அந்த எல்லை ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில் வந்தது. முன்பகுதிக்கு 0.003 கழித்து, பின்பகுதிக்கு 0.006 கூட்டினால் உண்மையான ஏற்றம் 2.622 டிகிரி.

26.614-ஐ 2.622-ஆல் வகுத்தால் 10.150. இந்தக் கருவியை, தண்ணீரும் எஃகும் எல்லாமாக, ஒரு டிகிரி சூடாக்க 10.150 கிலோஜூல் வேண்டும். இதுதான் கலோரிமீட்டரின் வெப்ப ஏற்புத்திறன். தண்ணீரின் பங்கு 8.4 போக, நாம் கூட்ட முடியாது என்று கைவிட்ட எஃகும் வாளியும் தண்டும் சேர்ந்து சுமார் 1.8. அவை ஒவ்வொன்றும் எவ்வளவு என்று இப்போதும் நமக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

ஒரு முறை செய்து இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்வது அவசரக்காரர் வேலை. நான்கைந்து மாத்திரை எரிக்க வேண்டும். விடைகள் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் நான் முதலில் சந்தேகப்படுவது வாளித் தண்ணீரை. அளவு ஜாடியில் ஊற்றினால் 10 மில்லி கூடக் குறைய ஆவது சாதாரணம். அந்த 10 மில்லியே ஏற்புத்திறனை 0.4 சதவீதம் நகர்த்திவிடும். ஆகவே தண்ணீரை அளக்காதீர்கள், நிறுங்கள்.

இப்போது மெழுகு. திரியை உருவி எறிந்துவிட்டு, சுரண்டிய மெழுகை மாத்திரையாக அழுத்தினேன். எடை 0.5512 கிராம். ஏன் ஒரு கிராம் இல்லை? முதலாவது, பாதுகாப்பு: சிமிழ் தாங்கும் வெப்பத்துக்கு ஒரு வரம்பு உண்டு. முன்பின் தெரியாத எரிபொருளை எடுத்த எடுப்பில் ஒரு கிராம் வைக்கக் கூடாது. பொத்தானை அழுத்தும்போது முகத்தைக் கருவிக்கு மேலே நீட்டவும் கூடாது. இரண்டாவது காரணம் கணக்கைச் சேர்ந்தது. படிக்கல்லை எரித்தபோது தண்ணீர் எவ்வளவு ஏறியதோ, ஏறக்குறைய அவ்வளவே இப்போதும் ஏறினால் நல்லது. அதே வாளி, அதே எடைத் தண்ணீர், அதே நீளக் கம்பி, அதே அளவு ஏற்றம் என்று வைத்துக்கொண்டால், கருவியில் நமக்குத் தெரியாமல் இருக்கும் கோளாறுகள் இரண்டு முறையும் ஒரே பக்கம் சாய்ந்து, வகுக்கும்போது பெரும்பாலும் அடிபட்டுப் போகும்.

திருத்திய ஏற்றம் 2.493 டிகிரி. அதை 10.150-ஆல் பெருக்க 25.304 கிலோஜூல். கம்பிக்கும் அமிலத்துக்குமாக 0.114 கழித்தால் மெழுகு மட்டும் தந்தது 25.190. எடையால் வகுத்தால் கிராமுக்கு 45.70 கிலோஜூல்.

விடையை நம்புவதற்கு முன் சிமிழைத் திறந்து பார்க்க வேண்டும். அழுத்தத்தை மெல்ல இறக்கிவிட்டு மூடியைக் கழற்றினால் உள்ளே பளிச்சென்று ஈரமாக இருக்க வேண்டும். கிண்ணத்திலோ சுவரிலோ கரி ஒட்டியிருந்தால் எரிதல் முழுமையாகவில்லை. அந்தக் கணக்கைத் திருத்தப் பார்க்காமல் கிழித்துப் போடுவதே நல்லது. எரிக்கும் முன் வாளித் தண்ணீரில் சிமிழிலிருந்து குமிழி கிளம்பினால் ஓ-ரிங் சரியாக உட்காரவில்லை. பொத்தானை அழுத்தியும் வெப்பநிலை 0.01 டிகிரிகூட ஏறாவிட்டால், கம்பி மட்டும் எரிந்து மெழுகு பற்றவில்லை. எனக்கு முதல் முறை நடந்தது இதுதான். கம்பி மெழுகைத் தொடாமல் முடி அளவு விலகியிருந்தது. அரை நாள் போயிற்று.

நாம் கண்டுபிடித்த 45.70 இன்னும் என்தால்பி இல்லை. சிமிழின் கொள்ளளவு மாறாது; ஆகவே அங்கே அளந்தது அக ஆற்றல் மாற்றம். என்தால்பி என்பது திறந்த வெளியில், மாறாத அழுத்தத்தில் எரியும்போது உள்ள கணக்கு. மெழுகு எரிகையில் செலவாகும் ஆக்சிஜனைவிட உண்டாகும் கார்பன் டைஆக்சைடு குறைவு. ஹைட்ரஜனோடு சேர்ந்த ஆக்சிஜன் நீராகி, குளிர்ந்து திரவமாகிவிடுகிறது. இதனால் ஒரு கிராம் மெழுகுக்கு வாயுவின் பருமன் சுமார் 870 மில்லி சுருங்கும். திறந்த வெளியில் அந்த இடத்தை வளிமண்டலம் உள்ளே தள்ளி நிரப்பும். அது செய்யும் அந்த வேலையும் வெப்பமாகச் சேரும், 0.09 கிலோஜூல். ஆக, எரிதல் என்தால்பி கிராமுக்கு −45.79 கிலோஜூல். வெப்பம் வெளியே போவதால் எதிர்க்குறி.

மோலுக்கு எத்தனை என்று கேட்டால் சொல்ல முடியாது. கலவைக்கு ஒரே மூலக்கூறு எடை கிடையாது. இந்த 0.09 திருத்தத்துக்கும் வாய்பாடு தேவைப்படவில்லை. மெழுகில் ஹைட்ரஜன் எடையில் 14.5 சதவீதம் அளவில் இருக்கும் என்று தெரிந்தால் போதும். திருத்தமே 0.2 சதவீதம்தான், அதில் சின்னப் பிசகு விடையைத் தொடாது. ஏற்புத்திறனில் ஒரு சதவீதம் பிசகினால் விடை 0.46 கிலோஜூல் தள்ளிப் போகும். பென்சாயிக் அமிலத்தோடு அரை நாள் மல்லுக்கட்டியது வீணில்லை.

45.8 என்பது பாரஃபினின் 46.8-க்கும் ஸ்டியரிக்கின் 39.6-க்கும் இடையில், பாரஃபினை ஒட்டி நிற்கிறது. இந்த இரண்டும் மட்டுமே கலந்தவை என்றால் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு ஸ்டியரிக் அமிலம். மூன்றாவதாக ஏதாவது கலந்திருந்தால் இந்தப் பங்கு நிற்காது. வெப்பம் எவ்வளவு என்று கலோரிமீட்டர் சொல்லும், எதிலிருந்து வந்தது என்று சொல்லாது.

மின்சாரம் போன இரவில் மேசைமேல் ஏற்றினால் அந்த மெழுகுவர்த்தி 45.8 கொடுக்காது. ஒரு கிராம் மெழுகு எரிந்தால் 1.3 கிராம் நீர் உண்டாகிறது. சிமிழுக்குள் அது குளிர்ந்து திரவமாகி, தன் வெப்பத்தைத் திருப்பித் தந்தது. மேசைமேல் அது ஆவியாகவே அறைக்குள் கலந்துவிடும், கூடவே 3.2 கிலோஜூலும் போய்விடும். சுடரில் நமக்குக் கிடைப்பது கிராமுக்கு 42.6.