நாயைக் காணவில்லை: தெருக் குழுவில் போடும் அறிவிப்பு

வீட்டு நாய் காணாமல் போனால் இப்போதெல்லாம் முதல் தகவல் போவது குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவுக்குத்தான். தீபாவளியை ஒட்டிய இரண்டு மூன்று நாட்களில் இத்தகைய அறிவிப்புகள் வரிசையாக வரும். வெடிச் சத்தத்துக்கு மிரண்ட நாய் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு, திறந்திருக்கும் கேட் வழியே கண்மண் தெரியாமல் ஓடிவிடுகிறது. பதறிப்போன வீட்டுக்காரர் எழுதும் செய்தி பெரும்பாலும் இப்படி இருக்கும்: “எங்கள் செல்லம் ஜிம்மியைக் காணவில்லை. ரொம்ப சாது. யாராவது பார்த்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.” கூடவே, சட்டை போட்டுக்கொண்டு சோபாவில் நாக்கை நீட்டியபடி உட்கார்ந்திருக்கும் ஜிம்மியின் முகம் மட்டும் தெரிகிற ஒரு படம்.

அந்தக் குழுவில் இருப்பவர்களுக்கு இது ஓரளவு புரியும். ஆனால் செய்தி அங்கேயே நிற்பதில்லை. ஒருவர் பக்கத்து நகர் குழுவுக்குத் தள்ளிவிடுகிறார். அங்கிருந்து அது இன்னொன்றுக்குப் போகிறது. இப்படிப் போகும்போது எழுதியவரின் பெயரும் எண்ணும் கூடவே போவதில்லை. “எனக்கு” என்றால் யாருக்கு, எந்த ஊர், எந்தத் தேதி என்று மூன்றாவது குழுவில் படிப்பவருக்குத் தெரியாது. போன வருஷத்துச் செய்தியாகக்கூட இருக்கலாம் என்று நினைத்துக் கடந்துவிடுவார். ஆகவே, வீட்டையும் நாயையும் அறியாத ஒருவர் கையில் கிடைத்தாலும் தனித்து நிற்கும்படி அறிவிப்பை எழுத வேண்டும்.

சென்னை நங்கநல்லூரில் 2025 தீபாவளி இரவு ஒரு நாய் ஓடிவிட்டதாக வைத்துக்கொண்டால், அறிவிப்பு இப்படி அமையலாம்:

“நாயைக் காணவில்லை – சென்னை, நங்கநல்லூர். அக்டோபர் 20, திங்கள் இரவு 8.30 முதல். ஆண் நாட்டு நாய், முழங்கால் உயரம். செம்பழுப்பு நிறம், நெஞ்சும் முன்பாதங்களும் வெள்ளை. இடது காது மடிந்திருக்கும். நீலக் கழுத்துப்பட்டை, கழன்றிருக்கலாம். கடைசியாகப் பார்த்தது: ஆஞ்சநேயர் கோயில் பக்கம், பழவந்தாங்கல் ரயில் நிலையத்தை நோக்கி ஓடியது. மிரண்டிருக்கிறது, துரத்த வேண்டாம். படம் எடுத்துக்கொண்டு, எந்த நேரமானாலும் அழைக்கவும்.” இதன் கீழே இரண்டு தொலைபேசி எண்கள்.

இதில் அடையாளம் சொல்லும் பகுதிதான் பலருக்கும் சறுக்கும் இடம். ஷிட்ஸூ, பீகிள் என்ற இனப்பெயர் வளர்ப்பவருக்குத் தெரியும். விடியற்காலையில் பால் போடுகிறவருக்குத் தெரிய வேண்டியதில்லை. “புசுபுசுவென்று முடி வைத்த வெள்ளைக் குட்டை நாய்” என்றால் யாருக்கும் புரியும். நாட்டு நாய்க்குச் சிக்கல் இன்னும் அதிகம். கழுத்துப்பட்டை இல்லாவிட்டால் அது தெரு நாய்க் கூட்டத்தில் கலந்துவிடும். தெருவிலிருந்து எடுத்து வளர்த்ததாக இருந்தால், கருத்தடை செய்ததன் அடையாளமாகக் காதில் சிறு வெட்டு இருக்கக்கூடும். அதைக் கண்டவர்கள் “இது கார்ப்பரேஷன் நாய்” என்று விட்டுவிடுவார்கள். எனவே வெட்டு இருந்தால் அதையும் எழுதிவிட வேண்டும். சுபாவத்தைப் பற்றிய பேச்சை விட்டுவிடலாம். வீட்டில் சாதுவாக இருந்த நாய் பயத்தில் கடிக்கவும் கூடும். “சாது” என்பதை நம்பிக் கை நீட்டியவர் கடி வாங்கினால் பாவம்.

ஒரே ஓர் அடையாளத்தை மட்டும் எழுதாமல் வைத்துக்கொள்வது நல்லது. வயிற்றில் ஒரு கரும்புள்ளி, பின்காலில் ஒரு தழும்பு போன்ற ஏதாவது போதும். “நாய் என்னிடம்தான் இருக்கிறது, முதலில் பணம் அனுப்புங்கள்” என்று அழைக்கும் ஏமாற்றுக்காரர்களைச் சோதிக்க அது உதவும். வீடியோ அழைப்பில் காட்டச் சொன்னாலே பலர் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். “உறுதிப்படுத்த ஒரு எண் வரும், சொல்லுங்கள்” என்று கேட்டால் அது வாட்ஸ்அப் கணக்கையே திருடும் வேலை. சன்மானத் தொகையைக் குறிப்பிடாமல் “தக்க சன்மானம்” என்று மட்டும் போடுவதும் இதனால்தான். வீட்டு எண்ணும் தேவையில்லை. பகுதியின் பெயர் போதும்.

படத்தைப் பொறுத்தவரை, அழகு பார்க்காமல், பகல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் நின்றிருக்கும் முழு உடல் படத்தைத் தேட வேண்டும். தூரத்தில் ஓடும் நாயின் உயரமும் வாலும் நிறத்திட்டுகளுமே கண்ணில் படும். அண்மையில் முடி வெட்டியிருந்தால் அதைச் சொல்ல வேண்டும். படத்துக்குக் கீழே எழுதும் வாசகம் கைமாறும்போது உதிர்ந்துவிடக்கூடும். ஆகவே ஊர், தேதி, எண் மூன்றையும் படத்தின் மேலேயே எழுதிவிடுவது பாதுகாப்பு.

கடைசியாகப் பார்த்த இடத்தை வீட்டு முகவரியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நாய் எங்கிருந்து கிளம்பியது என்பதைவிட, எந்தப் பக்கம் போனது என்பதே தேடுபவருக்குப் பயன்படும். பழவந்தாங்கல் பக்கம் ஓடிய நாய் தண்டவாளத்தைத் தாண்டியிருந்தால் நங்கநல்லூர் குழுக்களில் மட்டும் கேட்டுப் பயனில்லை. அந்தப் பக்கத்துக் குழுக்களுக்கும் செய்தி போக வேண்டும். புதிய தகவல் வரும்போதெல்லாம் “செவ்வாய் காலை 5.40, ரயில் நிலையச் சுரங்கப்பாதை அருகே” என்று இடத்தையும் நேரத்தையும் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். இரண்டு மூன்று தகவல் சேர்ந்தால் அது போகும் திசை பிடிபடும்.

குழுவில் இருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் நேரத்தில் நாயைப் பார்ப்பவர்கள் வேறு ஆட்கள்: இரவுக் காவலாளி, தூய்மைப் பணியாளர், பேப்பர் போடும் பையன், ஆட்டோ ஸ்டாண்டில் படுத்திருப்பவர். இவர்களில் பலர் எந்தக் குடியிருப்போர் குழுவிலும் இல்லை. ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய அறிவிப்பு அவர்களை எட்டாது. தமிழில் எழுதி, அதையே அரை நிமிடக் குரல் செய்தியாகவும் பேசிப் போட்டு, “உங்கள் வாட்ச்மேனுக்கும் வேலைக்கு வரும் அம்மாவுக்கும் கேட்கச் செய்யுங்கள்” என்று குழுவினரைக் கேட்கலாம். சொன்னால் செய்வார்கள், சொல்லாவிட்டால் யாருக்கும் தோன்றாது.

அறிவிப்பால் மட்டும் ஆகாத வேலையும் உண்டு. கழுத்துப்பட்டை இல்லாத நாயை மாநகராட்சி வண்டி பிடித்துப் போயிருக்கலாம். அப்போது நாய் இனக்கட்டுப்பாட்டு மையத்துக்கு நேரில் போய்ப் பார்ப்பதே வழி. வேளச்சேரி புளூ கிராஸ் போன்ற காப்பகங்களிலும் படத்தைக் கொடுத்து வைக்கலாம். தோலுக்கடியில் மைக்ரோசிப் இருந்தால் அதன் எண்ணைச் சொல்ல வேண்டும். அந்தச் சிப் நாய் இருக்கும் இடத்தைக் காட்டாது. பிடிபட்ட நாயின் அருகே கருவியைக் கொண்டுபோனால் எண் மட்டும் தெரியும்.

பூனைக்கு இந்த வாசகம் பொருந்தாது. வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை வெளியே போனால் பெரும்பாலும் பக்கத்திலேயே பதுங்கி, கூப்பிட்டாலும் சத்தம் காட்டாமல் கிடக்கும். “பார்த்தீர்களா?” என்று கேட்பதைவிட, “உங்கள் படிக்கட்டின் அடியிலும், கார் பானெட்டுக்குள்ளும், ஜெனரேட்டர் அறையிலும் இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள்” என்று கேட்பதே பலன் தரும்.

கிடைத்ததும் முதல் அறிவிப்புக்குப் பதிலாகவே “கிடைத்துவிட்டது, இனி அனுப்ப வேண்டாம்” என்று போட வேண்டும். குழுவில் அழித்தாலும், ஏற்கெனவே பிற குழுக்களுக்குப் போன பிரதிகள் அழியாது. அவற்றை அனுப்பியவர்களிடம் இந்தச் செய்தியையும் அதே குழுக்களில் போடச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஜிம்மி வீட்டில் தூங்கிக்கொண்டிருக்க, அதைப் பார்த்ததாக அழைப்புகள் பல நாள் வந்துகொண்டிருக்கும்.