கவிதை தாலாட்டுபோல் ஒலிக்கிறதா? இன எதுகை கைகொடுக்கும்

வாழ்த்துக் கவிதையோ தோட்ட நினைவோ எழுதுவோர் பலர் அடிக்கு அடி ஒரே முடிவை வைப்பதுண்டு. ஓசை வந்துவிடும். ஆனால் மூன்றாம் அடிக்குள் கேட்பவர் அடுத்த முடிவைத் தாமே சொல்லிவிடுவார். கீழே உள்ள நான்கு அடிகளைப் பாருங்கள்:

காலை எழுந்து நடந்தாளே
காட்டுப் பாதை கடந்தாளே
பாலைச் சேர்த்துச் சுமந்தாளே
பாடு பட்டுத் தளர்ந்தாளே

தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். ஆகவே "தாளே" என்ற இயைபு தேடாமலே கிடைக்கிறது. இங்கே அடிமுடிவு மட்டுமல்ல, காலை, பாலை என்று அடியின் தொடக்கமும் முழு எதுகையாகப் பொருந்துகிறது. இரு பக்கமும் பூட்டியதால் பால்வெட்டும் பெண்ணின் களைப்பு மறைந்து, துள்ளல் மட்டும் மிஞ்சுகிறது.

இதற்கு மரபு யாப்பிலேயே வழி உண்டு. எதுகையில் இரண்டாம் எழுத்து அப்படியே ஒன்ற வேண்டியதில்லை. அதே இனத்து எழுத்தாக இருந்தாலும் போதும். வல்லினத்துக்கு வல்லினம், மெல்லினத்துக்கு மெல்லினம், இடையினத்துக்கு இடையினம். இதுவே இன எதுகை. திருக்குறளின் 114ஆம் குறளில் முதலடியின் இரண்டாம் எழுத்து க், அடுத்த அடியில் ச். இரண்டும் வல்லினம்.

அதே காட்சியை இப்படி மாற்றலாம்:

காலை இருட்டில் கத்தியுடன்
காட்டுப் பாதை கடந்துவந்தாள்;
வாளி நிறையப் பால்சுமந்தாள்;
வீட்டில் யாரும் கேட்கவில்லை.

"காலை", "வாளி" ஆகியவற்றில் லகரமும் ளகரமும் இடையினம். காதுக்கு உறவு தெரிகிறது, ஆனால் முன்கூட்டியே ஊகிக்க முடியவில்லை. "காட்டு", "வீட்டு" முழு எதுகை. அது பாடலைக் கட்டி நிறுத்துகிறது. நடு இரண்டு அடிகள் "தாள்" என முடிவதால் கேட்பவர் நான்காவதிலும் அதையே எதிர்பார்ப்பார். அது வராதபோது, யாரும் கேட்காத வேதனை பதிகிறது.

இரண்டு எச்சரிக்கைகள். எதுகையில் முதல் எழுத்தின் அளவு ஒத்திருக்க வேண்டும். நெடிலில் தொடங்கும் "காலை"க்கு குறிலில் தொடங்கும் "வளி" சேராது. இனம் மாறினாலும் எதுகை கெடும். "காலை"க்கு "பாகு" வைத்தால் தவறாகவே ஒலிக்கும்.

தாலாட்டு, கும்மி, குழந்தைப் பாட்டு ஆகியவற்றில் முழு ஒற்றுமையே நல்லது. அங்கே அடுத்த சொல்லை முன்பே அறிவதுதான் இன்பம், கூட்டமும் சேர்ந்து பாடும். சோகம், சிந்தனை, எள்ளல் சொல்லும் பாடலில் இன எதுகையைத் தொடக்கத்திலும் நடுவிலும் வைத்து, முழு எதுகையை முடிக்கும் இடத்துக்குச் சேமிக்கலாம்.

எது தேவை என்று அறிய, கடைசிச் சொல்லை மறைத்துவிட்டு ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் ஒவ்வொரு அடியிலும் சரியாகச் சொல்லிவிட்டால், மாற்ற வேண்டிய அடி அங்கேதான் இருக்கிறது.