கோடி உடுத்தும் முன்

ஜவுளிக் கடையில் சுடிதார் எடுக்கும்போது எல்லோரும் நிறத்தைப் பார்ப்பார்கள், வேலைப்பாட்டைப் பார்ப்பார்கள், பிறகு விலைச்சீட்டைப் பார்ப்பார்கள். என் சித்தி மகளுக்கு எடுப்பதென்றால் நான் முதலில் அதை உள்பக்கமாகத் திருப்பிவிடுவேன். "டேமேஜ் ஒண்ணும் இருக்காதுங்க மேடம்" என்று கடைப் பெண் பதறுவார். நான் பார்ப்பது டேமேஜை அல்ல, தையலை.

அவளுக்கு வயது முப்பத்து நான்கு. ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறாள். தனக்கு ஆட்டிசம் இருப்பது பெரியவளான பிறகுதான் அவளுக்குத் தெரிய வந்தது. அதுவரை வீட்டில் அவளுக்கு 'நொரநாட்டியக்காரி' என்று பெயர். சட்டைக் கழுத்து உறுத்துகிறது என்பாள், ஊதுபத்தி மணத்தில் தலை வலிக்கிறது என்பாள், குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொள்வாள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, ஒலி, தொடுகை, மணம் போன்றவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்வதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஆட்டிசம் இல்லாதவர்களுக்கும் இது உண்டு. ஒற்றைத் தலைவலிக்காரர்களைக் கேளுங்கள், வலி வந்த நாளில் பக்கத்து வீட்டுத் தாளிப்பு என்ன பாடு படுத்தும் என்று சொல்வார்கள்.

இப்படிப்பட்டவருக்குத் தீபாவளிக்குத் துணி எடுப்பது எப்படி?

உறுத்தல் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். மெல்லிய இழை தோலில் பட்டதும் வளைந்து கொடுக்கும். தடித்த, விறைப்பான இழை வளையாமல் நின்று நரம்பு முனையை அழுத்தும். கம்பளி இழை ஏறத்தாழ 30 மைக்ரான் தடிமனைத் தாண்டினால் குத்தத் தொடங்குவது இதனால்தான். நம் ஊர்த் துணியில் கம்பளிக்கு வேலையில்லை. ஆனால் அதே வேலையைச் செய்ய வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கழுத்தில் தைத்த லேபிளின் வெட்டுமுனை, ஓரம் மடிக்கப் பயன்படும் கண்ணாடி போன்ற நைலான் நூல், முன்பக்கம் மின்னும் ஜரிகைப் பூவின் பின்பக்கத்தில் வெட்டிவிட்ட பிசிறுகள், எம்பிராய்டரிக்கு அடியில் ஒட்டியிருக்கும் மொடமொடப்பான தாள். வெளியிலிருந்து பார்த்தால் இதில் ஒன்றும் தெரியாது.

உள்ளங்கையால் தடவிப் பார்ப்பதில் பயனில்லை, அங்கே தோல் தடிப்பு. கழுத்தின் பக்கவாட்டிலோ முழங்கையின் உட்புறத்திலோ தையலை வைத்து மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். லேசாகச் சுரண்டுவது போலத் தெரிந்தாலே அந்தத் துணியை வைத்துவிடலாம், அவளுக்கு அது முள். லேபிளை வீட்டில் வெட்டிக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் முடியாது. கத்தரியால் வெட்டினால் தையலுக்குள் மாட்டிய அடிக்கட்டை அப்படியே நிற்கும், முன்பைவிட அதிகமாகக் குத்தும். லேபிளைப் பிடித்திருக்கும் தையலையே ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டும். அதைவிட, துணியிலேயே அச்சடித்த லேபிள் உள்ளதாகப் பார்த்து எடுத்தால் வேலை மிச்சம்.

இதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. அவள் எந்த உடையை நைந்து போகும்வரை போடுகிறாள் என்று பார்ப்பது. சித்தி மகளிடம் சாயம் போன ஒரு நீலக் குர்தா இருக்கிறது. முழுப் பருத்தி, வேலைப்பாடு கிடையாது, கழுத்துப் பட்டி உள்ளே மடித்துத் தைத்தது. அலமாரியில் ஜரிகை வைத்த அரை டஜன் உடைகள் மடிப்புக் கலையாமல் இருக்கும்போது இது மட்டும் வாரம் இருமுறை கொடியில் காய்கிறது. அவளுக்கு என்ன பிடிக்கும் என்று அந்தக் கொடியே சொல்லிவிடும்.

துணி கிடைத்துவிட்டது. அடுத்து ஒரு சிக்கல், இது நம் வழக்கத்தில் இருப்பது. தீபாவளிக்குக் கோடி உடுத்த வேண்டும், அதாவது தண்ணீர் படாத புதுத்துணி. விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்ததும், மஞ்சள் தடவி வைத்திருப்பதை எடுத்து அப்படியே போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் தண்ணீர் படாத துணியில் கஞ்சி இருக்கும், சுருக்கம் விழாமலிருக்கப் போட்ட ரசாயனம் இருக்கலாம், கடை நெடியும் இருக்கும். ஊறியிருக்கும் தோலில் அது பட்டால் அவள் பத்து நிமிடத்தில் பழைய நைட்டிக்கு மாறிவிடுவாள். "நல்ல நாளும் அதுவுமா..." என்று சித்தி ஆரம்பிப்பார். நம் வீடுகளில் பாதித் தீபாவளிச் சண்டை இங்கேதான் தொடங்குகிறது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சரி, நாமே துவைத்துக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அதிலும் வினை இருக்கிறது. நம் வீட்டு மணம் நமக்குத் தெரியாது. தொடர்ந்து மூக்கில் ஏறும் மணத்தைச் சில நிமிடங்களில் மூளை கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். நம் சலவைத்தூள், கடைசி அலசலில் விடும் வாசனைத் திரவம், பீரோவில் போட்ட அந்துருண்டை எல்லாம் அந்தத் துணியில் ஏறியிருக்கும். நமக்கு அது சுத்தமான துணி, அவளுக்கு அது இன்னொருவர் வீடு. அதனால் துணியை ஒரு மாதம் முன்பே அவளிடம் கொடுத்துவிடுகிறேன். அவள் தன் சோப்பில் இரண்டு மூன்று முறை துவைத்துக்கொள்வாள். தீபாவளியன்று மஞ்சள் தடவ ஒரு முனை போதும். சித்தி முதல் வருடம் முணுமுணுத்தார், பிறகு பழகிவிட்டது.

முன்கூட்டிக் கொடுத்தால் திடீர் மகிழ்ச்சி போய்விடுமே என்பார்கள். போகத்தான் வேண்டும். நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடிவதில்லை அல்லவா? லண்டனில் சாரா-ஜெய்ன் பிளேக்மோரும் கூட்டாளிகளும் மூளையைப் படம் பிடித்து இதை ஆராய்ந்து 1998-இல் எழுதினார்கள். நம் கை எங்கே, எப்போது தொடப்போகிறது என்பது மூளைக்கு முன்பே தெரிவதால், அந்தத் தொடுகையை அது தணித்துக்கொள்கிறது. முன்னறிவிப்பில்லாமல் வருவது அந்தத் தணிப்பு இல்லாமல் முழு வேகத்தில் வந்து விழும். எதிர்பாராத பரிசில் இன்னொரு சுமையும் சேர்கிறது. பத்துப் பேர் பார்க்கப் பளபளத் தாளைச் சரசரவென்று பிரிக்க வேண்டும், தொட்டுப் பார்க்க வேண்டும், அதே நொடியில் முகத்தில் சந்தோஷமும் காட்ட வேண்டும். நான் வாங்கும் முன்பே குர்தாவின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவேன், உள்பக்கம் திருப்பிய கழுத்தின் படம் உட்பட. அவள் பதில் பெரும்பாலும் ஒரே வார்த்தைதான்: "சரி" அல்லது "வேண்டாம்க்கா".

வெடிச் சத்தத்துக்கு, சத்தம் குறைக்கும் ஹெட்போன் வாங்கித் தரலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அது விலை கூடிய பரிசு, வாங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. மின்னணு முறையில் சத்தத்தை அடக்கும் கருவி ஏசி, பஸ் எஞ்சின் போன்ற ஒரே சீரான, தாழ்ந்த இரைச்சலில்தான் நன்றாக வேலை செய்யும். திடீரென்று வெடிக்கும் லட்சுமி வெடியை அது அவ்வளவாகப் பிடிக்காது. அதற்குக் காதை முழுவதும் மூடும் தடித்த மெத்தைதான் காவல், தொழிற்சாலைகளில் மாட்டிக்கொள்கிறார்களே, அதுபோல. ஆனால் அது தலையை இறுக்கும், வேர்க்கும். சத்தம் பொறுக்காத ஒருவர் அந்த இறுக்கத்தையும் பொறுக்க மாட்டார் என்றால் காசு வீண். ஐந்து நிமிடம் மாட்டிப் பார்க்கக் கடைக்கு அவரையே அழைத்துப் போவதுதான் வழி.

குர்தா விஷயத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. துவைத்த துணியைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள், துவைக்காமல் அவளுக்கு முடிவு சொல்ல முடியாது. அதனால் முதலில் ஒன்றே ஒன்று, விலை குறைந்த நிறத்தில். அது இரண்டு வாரம் தாக்குப் பிடித்தால், அதே கடையில் அதே அளவில் இன்னும் இரண்டு. சரக்கு மாறினால் தையலும் மாறும் என்பதால் அந்த இரண்டையும் தள்ளிப்போடுவதில்லை.