பிழையில்லாத கட்டுரைக்குத்தான் அதிக மதிப்பெண்ணா?

1961இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரிலுள்ள தேர்வு நிறுவனம் ஒன்றில் டீடரிக், ஃபிரெஞ்ச், கார்ல்டன் என்ற மூவர் ஒரு சோதனை நடத்தினார்கள். கல்லூரி மாணவர்கள் எழுதிய 300 கட்டுரைகளை, வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த 53 பேரிடம் கொடுத்து ஒன்பது தரங்களில் ஒன்றைப் போடச் சொன்னார்கள். எதைப் பார்த்துத் தரம் போட வேண்டும் என்று சொல்லவில்லை. நூற்றுக்கு 94 கட்டுரைகள் குறைந்தது ஏழு வெவ்வேறு தரங்களைப் பெற்றன. திருத்தியவர்கள் அசட்டையாக இருந்ததால் இப்படி ஆகவில்லை. ஒருவர் கருத்தைத் தேடினார், இன்னொருவர் பிழையைத் தேடினார், வேறொருவர் சொல்நயத்தைத் தேடினார்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் கருத்து, அமைப்பு, சொல்வளம், இலக்கணம் என்று கட்டம் போட்ட மதிப்பீட்டு அட்டவணைகள் வந்தன. ஆனால் ‘இலக்கணம்’ என்ற அந்த ஒற்றைக் கட்டத்துக்குள்ளேயே இரண்டு வெவ்வேறு திறன்கள் அடைந்துகிடக்கின்றன. எழுதியதைச் சரியாக எழுதினானா என்பது ஒன்று. எத்தனை விதமான வாக்கியங்களை எழுதத் துணிந்தான் என்பது மற்றொன்று. ஐஈஎல்டிஎஸ் தேர்வின் எழுத்துத் தாளில் இவை இரண்டும் இன்றும் ஒரே கட்டத்தில்தான் இருக்கின்றன. ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் அளவீட்டிலோ, பேச்சுக்கான பட்டியலில் மொழியின் வீச்சும் துல்லியமும் தனித்தனிப் பத்தியாக நிற்கின்றன. எனக்கு இரண்டாவது வழியே நியாயமாகப் படுகிறது. ஏன் என்பதை நம் வகுப்பறைத் தமிழிலேயே பார்க்கலாம்.

‘எங்கள் ஊர் ஏரி’ என்ற தலைப்புக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவர் இருவர் எழுதியதாக வைத்துக்கொள்வோம். முதல் மாணவர்:

“எங்கள் ஊரில் பெரிய ஏரி இருக்கிறது. அந்த ஏரியில் மீன்கள் இருக்கின்றன. நாங்கள் மாலையில் ஏரிக்குப் போவோம். போன ஆண்டு வெள்ளம் வந்தது. வயல்கள் மூழ்கின. நெற்பயிர்கள் அழுகின.”

இரண்டாம் மாணவர்:

“மழை பெய்தால் நிரம்பிவிடும் எங்கள் ஏரியின் கரையில் சிறுவர்கள் உட்கார்ந்து கதை பேசுவார்கள். கரையை உயர்த்த வேண்டும் என்று பெரியவர்கள் பலமுறை கேட்டும் யாரும் கவனிக்காததால், போன ஆண்டு வந்த வெள்ளத்தில் வயல்கள் மூழ்கியது. வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தபோது நெற்பயிர்கள் அழுகிப்போயிருந்தது.”

சிவப்புப் பேனாவுக்கு முதல் கட்டுரையில் வேலையே இல்லை. இரண்டாவதில் ‘மூழ்கியது’, ‘அழுகிப்போயிருந்தது’ என்று இரண்டு வட்டம் விழும். ஒற்றைக் கட்டத்தில் பத்துக்கு இத்தனை என்று போட்டால், முதலாமவருக்கு எட்டோ ஒன்பதோ, அடுத்தவருக்கு ஐந்தோ ஆறோ கிடைக்கும். அடுத்த தேர்வில் இரண்டாமவரும் குட்டி வாக்கியங்களுக்குள் பதுங்கிக்கொள்வார்.

இப்போது இரண்டு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண் வைப்போம்.

துல்லியத்தை வாக்கியக் கணக்கில் அளந்தால் அநியாயமாகிவிடும். இரண்டாம் மாணவர் எழுதிய மூன்று வாக்கியங்களில் ஒன்றுதான் முழுக்கச் சரி, அதாவது 33 விழுக்காடு. நீளமான வாக்கியத்தில் எங்கோ ஓரிடத்தில் இடறினாலும் முழு வாக்கியமும் தவறு என்றாகிவிடுகிறது. எனவே வினை வரும் இடங்களை எண்ண வேண்டும். முற்றானாலும் எச்சமானாலும் ஒவ்வொரு வினைக்கும் ஓர் அலகு. பெய்தால், நிரம்பிவிடும், உட்கார்ந்து, பேசுவார்கள் என முதல் வாக்கியத்தில் நான்கு. அடுத்ததில் ஐந்து, கடைசியில் மூன்று. மொத்தம் 12 அலகுகளில் இரண்டுதான் பிழை. அந்த இரண்டும் ஒரே பிழை, அஃறிணைப் பன்மைக்கு ஒருமை முற்று போட்டது. “வயலெல்லாம் மூழ்கிடுச்சு” என்று பேசுகிற பிள்ளைக்கு இது இயல்பாக வருவதுதான். ஒரே அறியாமைக்கு இரண்டு முறை தண்டனை வேண்டாம் என்பது என் கட்சி. ஒன்றாகக் கணக்கிட்டால் 12க்கு 11 சரி, சுமார் 92 விழுக்காடு. 95க்கு மேல் ஐந்து, 85க்கு மேல் நான்கு, 70க்கு மேல் மூன்று என்று படிகளை வகுத்தால் இவருக்கு நான்கு. முதலாமவருக்கு ஆறுக்கு ஆறும் சரி என்பதால் முழு ஐந்து.

ஒரு விதிவிலக்கு உண்டு. பொருளையே குழப்பும் பிழையை வந்தபோதெல்லாம் எண்ண வேண்டும். “அண்ணன் தம்பி அடித்தான்” என்று ‘ஐ’ உருபை விட்டுவிட்டால், யார் யாரை அடித்தார் என்று தெரியாது. ‘வயல்கள் மூழ்கியது’ என்பதில் அப்படி எந்த மயக்கமும் இல்லை.

எழுத்துப்பிழையையும் சந்திப்பிழையையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வல்லினம் மிகும் இடங்களில் ஆசிரியர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. றகர ரகரத் தடுமாற்றமோ வாக்கிய அமைப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அவற்றுக்குத் தனியாகச் சில மதிப்பெண் ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் மற்ற எல்லாவற்றையும் அவையே மூடிவிடும்.

அமைப்பு வளத்தைப் பார்க்கும்போது பிழையை மறந்துவிட வேண்டும். எத்தனை வகை இணைப்புகள் வந்திருக்கின்றன என்பதுதான் கேள்வி. இரண்டாம் மாணவரிடம் நிபந்தனை (பெய்தால்), பெயரெச்சம் (வந்த), வினையெச்சம் (உட்கார்ந்து), ‘என்று’ சேர்ந்த தொடர், ‘கேட்டும்’ என்ற எதிர்நிலை, எதிர்மறையோடு காரணம் (கவனிக்காததால்), காலம் (பார்த்தபோது) என ஏழு வகை இருக்கின்றன. முதலாமவரிடம் எல்லாம் தனி வாக்கியங்கள். தனி வாக்கியம் மட்டும் என்றால் ஒன்று, மூன்று நான்கு வகை இருந்தால் மூன்று, ஆறுக்கு மேல் என்றால் ஐந்து. இந்தப் படிகள் ஒன்பதாம் வகுப்புக்கு ஏற்றவை, ஐந்தாம் வகுப்புக்கு இறக்க வேண்டும். ஒரே வகை பத்து முறை வந்தாலும் கணக்கில் ஒன்றுதான். மனப்பாடம் செய்து ஒட்டவைத்த முன்னுரையும் பழமொழியும் சேராது.

கூட்டினால் முதலாமவருக்கு ஆறு, இரண்டாமவருக்கு ஒன்பது.

அப்படியானால் எச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால் மதிப்பெண் கொட்டுமா? கொட்டாது. “நான் வீட்டுக்கு வந்து அம்மா சோறு போட்டாள்” என்று எழுதினால், ‘வந்து’ என்பதற்கும் ‘போட்டாள்’ என்பதற்கும் எழுவாய் ஒன்றாக இல்லை. ‘வந்ததும்’ என்று இருக்க வேண்டும். (‘மழை பெய்து குளம் நிரம்பியது’ என்பதைத் தமிழ் ஏற்கிறது, அது வேறு கதை.) முயற்சி புரிவதால் வளத்தில் இதற்கு இடமுண்டு, பிழை துல்லியத்தில் கழியும். ஒரு பிழைக்கு இரண்டு கட்டத்திலும் கழிப்பதுதான் பிரித்து வைத்த பிறகும் பலர் செய்யும் தவறு.

தலைப்பும் வாய்ப்புத் தர வேண்டும். ‘எங்கள் ஊர் ஏரி’ என்றால் வெறும் வர்ணனையோடு ஒரு நல்ல மாணவரும் நின்றுவிடலாம். ‘ஏரி நிரம்பாமல் போனால் ஊர் என்ன ஆகும்?’ என்று கேட்டால் நிபந்தனையும் காரணமும் தாமாக வந்துவிடும். கேள்வி கேட்காத அமைப்பு விடையில் இல்லையென்று மதிப்பெண் குறைப்பதில் நியாயம் இல்லை.

திருத்தும் முறையிலும் ஒரு மாற்றம் தேவை. ஒரு தாளை முழுக்கத் திருத்திவிட்டு அடுத்ததற்குப் போனால், பிழை கண்ட எரிச்சல் வளத்துக்கான மதிப்பெண்ணையும் கடித்துவிடும். எல்லாத் தாள்களுக்கும் முதலில் வளத்தைப் போட்டு முடித்துவிட்டு, பிறகு மறுசுற்றில் துல்லியத்துக்கு வாருங்கள். நேரம் கூடும் என்பது உண்மைதான். நூறு தாள் கட்டு மேசையில் இருக்கும்போது எல்லா அலகையும் எண்ணவும் முடியாது, கட்டுரையின் நடுவிலிருந்து ஒரு பத்தியை எடுத்து எண்ணினால் போதும்.

உங்கள் பள்ளியில் இதைத் தொடங்குவதானால், முதலில் பத்துத் தாள்களைப் படியெடுத்து இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியாகத் திருத்திப் பாருங்கள். எந்தக் கட்டத்தில் இருவருக்கும் இடையே ஒரு படிக்கு மேல் வேறுபாடு வருகிறதோ, அந்தக் கட்டத்தின் விதியை மாற்றி எழுதுங்கள். மாணவருக்குத் தாளைத் தரும்போது கூட்டுத்தொகையை மட்டும் போடாமல், இரண்டு எண்களையும் தனித்தனியே போட்டுக் கொடுங்கள்.