பன்னிரண்டு வாரச் சாப்பாடு

மனச்சோர்வில் இருப்பவருக்கு அடுப்பைப் பற்றவைக்கவே மனம் வராது. பாக்கெட்டில் இருக்கும் பிஸ்கட், கடையில் வாங்கிய பரோட்டா, இரண்டு டீ என்று நாள் ஓடிவிடும். அதனால்தான் 'காய்கறியும் மீனும் அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு மனச்சோர்வு குறைவு' என்று கணக்கெடுப்புகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தும் மருத்துவர்கள் தயங்கினார்கள். சாப்பாடு கெட்டதால் மனம் சோர்ந்ததா, மனம் சோர்ந்ததால் சாப்பாடு கெட்டதா என்பதைக் கணக்கெடுப்பு சொல்லாது. சோர்ந்திருப்பவரின் தட்டை மாற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

அப்படி மாற்றிப் பார்த்த ஆய்வு ஆஸ்திரேலியாவில் நடந்தது. டீக்கின் பல்கலைக்கழகத்தின் ஃபெலிஸ் ஜாக்காவும் குழுவினரும் 2017 ஜனவரியில் அதன் முடிவை வெளியிட்டார்கள். 'ஸ்மைல்ஸ்' என்பது ஆய்வின் சுருக்கப் பெயர். மிதமான அல்லது கடுமையான மனச்சோர்வு உள்ள 67 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே மாத்திரையோ மனநல ஆலோசனையோ பெற்றுவந்தவர்கள். அதை யாரும் நிறுத்தவில்லை. இன்னொரு நிபந்தனையும் இருந்தது: சாப்பாட்டுப் பழக்கம் மோசமாக இருப்பவர்களைத்தான் சேர்த்துக்கொண்டார்கள்.

சீட்டுக் குலுக்குவதுபோல 67 பேரையும் இரண்டாகப் பிரித்தார்கள். 33 பேர் 12 வாரங்களில் ஏழு முறை உணவியல் நிபுணரைச் சந்தித்தார்கள். ஒவ்வொரு சந்திப்பும் ஒரு மணி நேரம். மற்ற 34 பேருக்கும் அதே எண்ணிக்கையில் சந்திப்பு உண்டு, ஆனால் சாப்பாட்டுப் பேச்சு கிடையாது. விளையாட்டு, செய்தி, இசை என்று பிடித்ததைப் பேசலாம். பேச விருப்பமில்லாதவர் சீட்டாடலாம். ஒரு மனிதர் உட்கார்ந்து அக்கறையாகக் கேட்டாலே மனம் கொஞ்சம் லேசாகும் அல்லவா? அந்தப் பலனைக் கழித்துவிட்டுச் சாப்பாட்டின் பலனை மட்டும் பார்ப்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

தட்டில் வைத்தது மத்தியதரைக் கடல் பகுதி உணவைச் சற்றே மாற்றியமைத்தது. தினமும் முழுதானியம், ஆறு பங்கு காய்கறி, மூன்று பங்கு பழம், ஒரு பிடி உப்பில்லாத கொட்டைகள், மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய். வாரத்தில் மூன்று நான்கு நாள் பயறு, இரண்டு நாளாவது மீன். கொழுப்பில்லாத இறைச்சிக்கும் இடமுண்டு. இனிப்பு, பொரித்தது, குளிர்பானம், பதப்படுத்திய இறைச்சி எல்லாம் சேர்ந்து வாரத்துக்கு மூன்று பங்குக்கு மேல் கூடாது. எடை குறைப்பது நோக்கமில்லை, பசிக்கும்வரை சாப்பிடலாம். எடை குறையவும் இல்லை.

மனச்சோர்வை அளக்க மனநல மருத்துவர்களிடம் பத்துக் கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் உண்டு. மொத்தம் 60 மதிப்பெண். கூடக்கூட நோய் கடுமை. பத்துக்குக் கீழே இறங்கினால் நோய் தணிந்ததாகக் கொள்கிறார்கள். 12 வாரம் கழித்து அந்தக் கோட்டுக்குக் கீழே வந்தவர்கள் சாப்பாட்டுக் குழுவில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். பேச்சுத் துணைக் குழுவில் நூற்றுக்கு எட்டுப் பேர். சாப்பாட்டை மாற்றிக்கொண்ட நான்கு பேரில் ஒருவருக்கு அதனால் நோய் தணிந்தது என்று பொருள். மாத்திரைகளோடு ஒப்பிட்டாலும் இது பெரிய எண்தான்.

பெரிதாக இருப்பதாலேயே கொஞ்சம் சந்தேகப்படவும் வேண்டும். 176 பேரைச் சேர்ப்பதாகத் திட்டமிட்டு 67 பேரோடு நின்றுபோன ஆய்வு இது. மாத்திரை ஆய்வென்றால் நிஜ மாத்திரை எது, போலி எது என்று விழுங்குகிறவருக்குத் தெரியாது. போலி வெண்டைக்காய் கிடையாதே! மதிப்பெண் போட்டவர்களுக்கு யார் எந்தக் குழு என்று தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் பதில் சொன்ன நோயாளிக்குத் தெரியும். சாப்பாட்டால் குணம் வரும் என்று நம்பி வந்தவர், சீட்டாட உட்கார வைத்தால் ஏமாந்துதான் போவார். பேச்சுத் துணைக் குழுவில் நால்வரில் ஒருவர் பாதியிலேயே போய்விட்டார். சாப்பாட்டுக் குழுவில் இரண்டே பேர். ஆகவே சாப்பாட்டின் உண்மையான பலன் இந்த எண்ணைவிடச் சிறியதாக இருக்கலாம். ஒன்றுமே இல்லாமல் போகாது என்பது என் கணிப்பு.

சரி, குடல் எங்கே வருகிறது?

தேர்வு முடிவு வரும் நாளில் வயிற்றைக் கலக்குவதை யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. மூளையிலிருந்து குடலுக்குச் செய்தி போகிறது. குடலிலிருந்து மூளைக்கும் போகிறது என்பதுதான் புதிதாகக் கவனத்துக்கு வந்தது. இரண்டையும் இணைக்கும் வேகஸ் நரம்பில் உள்ள இழைகளில் பெரும்பாலானவை மேல்நோக்கித்தான் செய்தி அனுப்புகின்றன. 2011-இல் அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள் லாக்டோபேசில்லஸ் வகைப் பாக்டீரியா ஒன்றைச் சுண்டெலிகளுக்கு ஊட்டினார்கள். எலிகளின் பதற்றம் குறைந்தது. தண்ணீரில் விட்டபோது சீக்கிரம் சோர்ந்து மிதக்காமல் நீந்தின. பிறகு வேகஸ் நரம்பை வெட்டிவிட்டு அதே பாக்டீரியாவைக் கொடுத்தார்கள். பலன் காணாமல் போனது. செய்தி எந்தக் கம்பி வழியே போகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய சோதனைகள் இத்துறையில் அதிகமில்லை.

அதே பாக்டீரியாவை மனிதர்களுக்குக் கொடுத்த கதை 2017-இல் வந்தது. நடத்தியவர்களும் கார்க் ஆய்வாளர்கள்தான். ஆரோக்கியமான ஆண்கள் 29 பேர், நான்கு வாரம் பாக்டீரியா மாத்திரை, நான்கு வாரம் போலி மாத்திரை. பதற்றத்திலும் மனநிலையிலும் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. தங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு எலியிலிருந்து மனிதனுக்கு வரும் வழியில் தொலைந்துவிட்டதோ என்று அவர்களே தலைப்பில் கேட்டார்கள். நல்ல மனநிலையில் இருப்பவரை இன்னும் எவ்வளவு நன்றாக்க முடியும் என்று பதிலுக்குக் கேட்கலாம், அது நியாயம்தான். மாத்திரை போதுமான பலன் தராத மனச்சோர்வு நோயாளிகள் 49 பேரிடம் லண்டனில் நடந்த சிறிய ஆய்வில், 14 வகைப் பாக்டீரியாக் கலவை எட்டு வாரங்களில் ஓரளவு கூடுதல் பலன் தந்தது. 2023-இல் வெளியான அதை முன்னோட்டம் என்றுதான் அதை நடத்தியவர்களே அழைக்கிறார்கள்.

மலத்தைச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. பெல்ஜியத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் குடல் பாக்டீரியாக்களை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். மனச்சோர்வு உள்ளவர்களிடம் காப்ரோகாக்கஸ், டயலிஸ்டர் என்ற இரண்டு இனங்கள் குறைந்திருந்தன. மாத்திரையின் விளைவைக் கழித்துப் பார்த்தபோதும் அப்படித்தான். ஆனால் முதலில் கேட்ட கேள்வி இங்கேயும் வந்து வழி மறிக்கிறது. பிஸ்கட்டும் டீயுமாக நாள் கழிப்பவரின் குடலில் பாக்டீரியா மாறாமல் எப்படி இருக்கும்?

இதற்கிடையே ஒரு வாசகம் வாட்ஸப்பில் ஓயாமல் சுற்றுகிறது: 'மகிழ்ச்சி தரும் செரோடோனினில் தொண்ணூறு சதவீதம் குடலில்தான் இருக்கிறது.' எண் ஏறத்தாழ சரி. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு. குடலில் உண்டாகும் செரோடோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. குடலில் இருப்பது பெரும்பாலும் குடலின் அசைவுக்கான வேலையைப் பார்க்கிறது.

சாப்பாட்டுக்குப் பதில் சத்து மாத்திரை போதுமா என்பதற்கும் பதில் இருக்கிறது. உடல் எடை அதிகமாகவும் லேசான சோர்வும் உள்ள 1,025 ஐரோப்பியர்களில் ஒரு பகுதியினருக்கு ஓராண்டு மீன் எண்ணெய்ச் சத்து, வைட்டமின் டி, ஃபோலிக் அமிலம், செலீனியம் கொடுத்தார்கள். மனச்சோர்வு நோய் வருவதை அது தடுக்கவில்லை. அதே ஆய்வில் சாப்பாட்டுப் பழக்கம் பற்றிய ஆலோசனையும் தடுக்கவில்லை என்பதை ஜாக்காவின் முடிவைக் கொண்டாடுகிறவர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள். ஏற்கெனவே நோய் வந்தவரின் தட்டை மாற்றுவதும், நோய் வராமல் தடுப்பதும் வேறு வேறு வேலைகள் போலிருக்கிறது.

ஆலிவ் எண்ணெய்க்கு எங்கே போவது என்று கேட்பவருக்கு, கேழ்வரகும் கொண்டைக்கடலையும் கீரையும் மத்தி மீனும் வேர்க்கடலையும் அந்தப் பட்டியலுக்கு அதிக தூரமில்லை என்பேன். இது என் ஊகம். சோதிக்கப்பட்டது ஆஸ்திரேலியத் தட்டு. செலவைக் கணக்கிட்டபோது, ஆய்வுக்கு வந்தவர்கள் வாரத்துக்கு 138 டாலர் சாப்பாட்டுக்குச் செலவழித்துவந்ததும், புதிய சாப்பாட்டுக்கு 112 டாலர் போதும் என்பதும் தெரிந்தது. மாத்திரை சாப்பிட்டவர்கள் அந்தப் பன்னிரண்டு வாரமும் அதைச் சாப்பிட்டபடியேதான் இருந்தார்கள்.